பல கை, பலகை: விளம்பரப் படத்தின் மாற்றுரையும் ஹேஷ்டேக்கும்

கேள்வி: எங்கள் நாடகக் குழுவுக்காகச் சமூக ஊடகங்களில் விளம்பரப் படங்கள் வெளியிடும் பொறுப்பு என்னுடையது. பார்வையற்ற ரசிகர் ஒருவர், "நீங்கள் போடும் சுவரொட்டி எனக்கு ‘படம்’ என்று மட்டும்தான் கேட்கிறது, உங்கள் ஹேஷ்டேக் என்ன சொல்கிறது என்றே புரியவில்லை" என்று எழுதியிருக்கிறார். அடுத்து வரவிருப்பது ‘பல கை, ஒரு மேடை’ என்ற நாடகப் பட்டறைக்கான சுவரொட்டி. அதை இணைத்திருக்கிறேன். படத்தைச் சொற்களால் விவரிக்கும் மாற்றுரையை இதற்கு எப்படி எழுதுவது? ஹேஷ்டேக்கில் ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்கிறார்கள். தமிழில் பெரிய எழுத்தே இல்லையே, என்ன செய்வது?

பதில்:

அந்த ரசிகரின் காதில் உங்கள் பதிவு எந்த வரிசையில் விழுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது தெரிந்துவிட்டால் எதை எங்கே எழுதுவது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

அவர் கைப்பேசியில், திரையில் இருப்பதைக் குரலாக வாசிக்கும் ஒரு திரைவாசிப்பான் இயங்குகிறது. ஆண்ட்ராய்டு என்றால் பெரும்பாலும் டாக்பேக், ஐபோன் என்றால் வாய்ஸ்ஓவர். விரலை வலப்பக்கம் ஒருமுறை தள்ளினால் அடுத்த உறுப்புக்குப் போய் அதை வாசிக்கும். ஒரு தள்ளலில் குழுவின் பெயர், இன்னொன்றில் பதிவின் உரை, அடுத்ததில் படம். செயலிக்குச் செயலி இந்த வரிசை மாறும். எக்ஸ், ஃபேஸ்புக் போன்றவற்றில் உரை முன்னால் வருகிறது. இன்ஸ்டாகிராமில் படம் முதலில் வந்து, உரை அதன் பின்னால் வருகிறது. படத்துக்கு வரும்போது, நீங்கள் மாற்றுரை எழுதியிருந்தால் அது வாசிக்கப்படும். எழுதாவிட்டால் ‘படம்’ என்ற ஒற்றைச் சொல் கேட்கும். அல்லது தளம் தானாகத் தயாரித்த விவரிப்பு கேட்கும். ஃபேஸ்புக் 2016 முதல் அப்படி ஒன்றைத் தருகிறது. "ஒருவர் இருக்கலாம், எழுத்துகள் இருக்கலாம்" என்கிற தோரணையில் அது இருக்கும். இணையப்பக்கமாக இருந்து, மாற்றுரைக்கான பண்பே இல்லாவிட்டால், சில வேளைகளில் கோப்பின் பெயரே வாசிக்கப்படும். உங்கள் பட்டறைக்கு அழைப்பு வந்திருக்கிறது என்பதை "ஐஎம்ஜி, அடிக்கோடு, இரண்டாயிரத்து நாற்பத்தேழு" என்று ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

இன்னொரு விஷயமும் இந்த வரிசையோடு சேர்ந்தது. கைப்பேசிச் செயலிகளில் மாற்றுரை பொதுவாக ஒரே உறுப்பாக, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் ஒலிக்கும். நடுவில் வந்த தொலைபேசி எண்ணைத் தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். அதில் உள்ள இணைப்பைத் தட்டித் திறக்க முடியாது. எண்ணை நகலெடுப்பதும் எளிதல்ல. மேலும், மாற்றுரை எல்லோர் கண்ணுக்கும் படுவதில்லை. பார்வை மங்கியவர் ஒருவர், திரைவாசிப்பானைப் பயன்படுத்தாமல், எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதிவின் உரை அவருக்காகப் பெரிதாகும். சுவரொட்டிக்குள் இருக்கும் எழுத்தைப் பெரிதாக்கினாலோ ஓரங்கள் மங்கிக் கலைந்துபோகும். மாற்றுரையும் அவருக்குப் பெரும்பாலும் தெரியாது.

ஆகவே என் முதல் ஆலோசனை மாற்றுரையைப் பற்றியதே அல்ல. ஒருவர் செயல்படுவதற்குத் தேவையான எல்லாமே, அதாவது நாள், நேரம், இடம், யார் சேரலாம், எப்படிப் பதிவு செய்வது ஆகியவை, பதிவின் உரையில் எழுத்தாகவே இருக்கட்டும். படத்தின் வேலை கவர்ந்திழுப்பது. மாற்றுரையின் வேலை, படம் கண்ணுக்குச் செய்வதைக் காதுக்குச் செய்வது. இந்த வேலைப் பிரிவினையைச் செய்யாமல் மாற்றுரை எழுத உட்கார்ந்தால், சுவரொட்டியில் இருக்கிற அத்தனையையும் அதற்குள் திணிக்கத் தொடங்குவோம். யாராலும் கேட்டு முடிக்க முடியாத ஒரு பத்தி பிறக்கும்.

இப்போது உங்கள் சுவரொட்டிக்கு வருகிறேன். அடர்நீலப் பின்னணி. கீழிருந்து எட்டுக் கைகள் மேலெழுந்து ஒரு மரப்பலகையைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. பலகையின் மேல் ஓர் இளம்பெண் கைகளை விரித்து நின்று வசனம் பேசுகிறாள். மஞ்சள் எழுத்தில் ‘பல கை, ஒரு மேடை’. அதன் கீழே சிறிய எழுத்தில் மூன்று நாள் பட்டறை, 09/05 – 11/05, 10–1, 16 வயதுக்கு மேற்பட்டவர்கள், 25 இடங்கள், கட்டணம் இல்லை, ஒரு தொலைபேசி எண். வலது மூலையில் கியூஆர் குறியீடு. அடியில் ஆதரவளித்த மூன்று அமைப்புகளின் சின்னங்கள்.

இந்தச் சுவரொட்டிக்கு மூன்று விதமான மாற்றுரைகளை நான் எதிர்பார்க்கிறேன். மூன்றையும் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலாவது, "பட்டறை சுவரொட்டி". இது இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். இரண்டாவது, "அடர்நீலப் பின்னணியில் மஞ்சள் நிறத்தில், தடித்த எழுத்துருவில், மேல்பகுதியில் தலைப்பும் வலது கீழ் மூலையில் கருப்பு வெள்ளைச் சதுரமும் அமைந்த படம்" என்று போகும். வடிவமைத்தவர் தன் வேலையைத் தானே விவரிக்கும் மாற்றுரை இது. கேட்பவருக்கு நிறங்கள் கிடைக்கின்றன, அழைப்பு கிடைக்கவில்லை. மூன்றாவது, சுவரொட்டியின் எழுத்துகளை மட்டும் வரிக்கு வரி எடுத்தெழுதியது. தகவல் கிடைக்கிறது, ஆனால் படமே காணாமல் போய்விட்டது. அந்த எட்டுக் கைகளும் பலகையும் எங்கே?

உங்கள் சுவரொட்டியில் அதுதானே உயிர்! ‘பல கை’ சேர்ந்தால் ‘பலகை’ ஆகிறது. அந்தப் பலகையே மேடையாகிறது. சொல்லில் இருக்கும் சிலேடையைப் படம் காட்டுகிறது. பார்ப்பவர் ஒரு நொடி நின்று புன்னகைப்பது இதற்காகத்தான். பார்வையற்றவருக்கும் அந்தப் புன்னகை கிடைக்க வேண்டும். அதற்கு விளக்கவுரை தேவையில்லை. படத்தில் இருப்பதைச் சரியான சொல்லால் சொன்னால் போதும். ‘மரச்சட்டம்’ என்றோ ‘தளம்’ என்றோ எழுதிவிட்டால் சிலேடை செத்துவிடும். ‘பலகை’ என்ற சொல்லே வர வேண்டும்; அதுவும் தலைப்புக்குப் பக்கத்தில் வர வேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"நாடகப் பட்டறைக்கான சுவரொட்டி. தலைப்பு: பல கை, ஒரு மேடை. எட்டுக் கைகள் சேர்ந்து ஒரு பலகையை உயர்த்திப் பிடித்திருக்கின்றன. அந்தப் பலகையே மேடையாக, அதன் மேல் ஓர் இளம்பெண் கைகளை விரித்து வசனம் பேசுகிறாள். மே 9 முதல் 11 வரை. சேரும் விவரங்கள் பதிவின் உரையில்."

ஏன் இப்படி என்று சொல்லிவிடுகிறேன். முதல் வாக்கியம் இது என்ன என்பதைச் சொல்கிறது. இன்ஸ்டாகிராமில் படம் முதலில் வருவதால், உரையை இன்னும் கேட்காதவருக்கும் இது தனியாக நிற்க வேண்டும். ‘இது ஒரு படம்’ என்று தொடங்கவில்லை. ‘படம்’ என்பதைத் திரைவாசிப்பானே அறிவித்துவிடும். ஆனால் ‘சுவரொட்டி’ என்று சொல்லியிருக்கிறேன். அது ஒளிப்படமா, ஓவியமா, அழைப்பிதழா என்பது பொருள் தரும் தகவல். நிறங்களை விட்டுவிட்டேன், நீலமும் மஞ்சளும் இங்கே எதையும் சொல்லவில்லை. உங்கள் குழு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு நிறத்தை அடையாளமாக வைத்திருந்தால் நிறத்தைச் சேர்ப்பேன். சின்னங்களையும் விட்டுவிட்டேன். ஆதரவாளர்களின் பெயர்களைச் சொல்லியாக வேண்டுமென்றால் அவை உரையின் கடைசி வரியில் இருக்கட்டும். கியூஆர் குறியீடு ஒரு சதுரம்தான்; கேட்பவருக்கு வேண்டியது அது எங்கே கொண்டுபோகிறது என்பது. அந்த இணைப்பையே உரையில் கொடுத்துவிட்டால் மாற்றுரையில் குறியீட்டைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

நேரம், வயது, இடங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை மாற்றுரையில் திரும்பச் சொல்லாததைச் சிலர் ஏற்கமாட்டார்கள். சுவரொட்டியில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தும் மாற்றுரையில் வந்தாக வேண்டும் என்பது அவர்கள் கட்சி. பதிவின் உரையில் அந்த விவரம் இல்லாத நிலையில் அவர்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் உரையில் எல்லாம் இருக்கும்போது அதையே மறுபடி ஒலிக்கவிட்டால், கேட்பவர் ஒரே அறிவிப்பை இருமுறை கேட்க நேர்கிறது. கண்ணால் படிப்பவர் தெரிந்த வரியைத் தாண்டிவிடுவார். காதால் கேட்பவருக்கு அது அவ்வளவு எளிதல்ல. நாளை மட்டும் இரண்டு இடத்திலும் வைத்தேன், அது அழைப்பின் முதுகெலும்பு என்பதால். நான் பிடிவாதமாக இருப்பது ஒன்றில்தான்: சுவரொட்டியில் உள்ள எந்தத் தகவலும் உரையிலும் இல்லாமல் மாற்றுரையிலும் இல்லாமல் போகக் கூடாது.

படத்தில் ‘09/05’ என்று இருந்ததை நான் ‘மே 9’ என்று மாற்றியதைக் கவனித்திருப்பீர்கள். சாய்கோடு போட்ட தேதியைச் சில குரல்கள் பின்னம் போலவும், சில குரல்கள் ‘சாய்கோடு’ என்று சொல்லியும் வாசிக்கும்; மாதத்தை முன்னால் எழுதும் பழக்கமுள்ளவருக்கு அது செப்டம்பர் 5. ‘10–1’ என்பதிலும் இதே சிக்கல். அந்தக் கோடு ஒலிக்காமலே போய் ‘பத்து ஒன்று’ என்று கேட்கலாம். ‘காலை 10 முதல் பகல் 1 மணி வரை’ என்று வாய்விட்டுச் சொல்வது போல எழுதுங்கள். தொலைபேசி எண்ணை ஒரே தொடராக எழுதினால் சில குரல்கள் அதைக் கோடிகளில் எண்ணத் தொடங்கிவிடும். இரண்டு மூன்று இடங்களில் இடைவெளி விட்டு எழுதினால் எண்கள் தனித்தனியாகக் கேட்க வாய்ப்பு அதிகம். வரிகளைப் பிரிப்பதற்கு முற்றுப்புள்ளியை நம்புங்கள். மாற்றுரைக்குள் நீங்கள் தட்டும் புதுவரி பல இடங்களில் காணாமல் போகும். அப்போது தலைப்பும் தேதியும் ஒரே வாக்கியமாக ஒட்டிக்கொள்ளும். முற்றுப்புள்ளி இருந்தால் குரல் அங்கே தணிந்து நிற்கும்.

தமிழில் எழுதுபவர்கள் விழக்கூடிய ஒரு பள்ளம் இருக்கிறது. சுவரொட்டி வடிவமைப்பவர்கள் பலர் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்கிறார்கள். அந்த எழுத்துருவில் தமிழ் என்பது வெறும் தோற்றம். உள்ளே இருப்பவை ஆங்கில விசைகள். திரையில் ‘தமிழ்’ என்று தெரிவதை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் இப்படி வரும்:

```
jkpo;
```

வடிவமைப்புக் கோப்பிலிருந்து எழுத்தை நகலெடுத்து மாற்றுரையில் ஒட்டிவிட்டு, அந்தச் சிறிய பெட்டியைச் சரியாகப் பார்க்காமல் வெளியிட்டுவிட்டால், கேட்பவருக்கு "ஜே கே பி ஓ" என்று உளறல்தான் மிஞ்சும். மாற்றுரையை யூனிகோடில் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். சில வரிகள்தானே, பழைய கோப்பிலிருந்து மாற்றி எடுப்பதை விட அதுதான் விரைவு.

நீளத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: எக்ஸ் தளத்தில் ஒரு படத்துக்கு 1000 குறிகள் வரை எழுதலாம், மாஸ்டடானில் வழக்கமாக 1500. ஆனால் இந்தக் கணக்கு நாம் எண்ணும் எழுத்துக்கணக்கு அல்ல. ‘நாடகம்’ நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ந, துணைக்கால், ட, க, ம, புள்ளி என்று ஆறு குறிகள். அதனால் தமிழில் பெட்டி நாம் நினைப்பதை விடச் சீக்கிரம் நிரம்பும். அப்படி நிரம்பினால், உரையில் இருக்க வேண்டியதை மாற்றுரையில் வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம்.

இதே சுவரொட்டியை உங்கள் குழுவின் இணையப்பக்கத்தில் போடும்போது மொழியையும் குறிப்பிடுங்கள்:

```html
<img src="pattarai.jpg" lang="ta"
 alt="நாடகப் பட்டறைக்கான சுவரொட்டி. தலைப்பு: பல கை, ஒரு மேடை.">
```

பக்கம் ஆங்கிலம் என்று அறிவிக்கப்பட்டிருந்தால் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலோடு உள்ளே வரும். தமிழ் தெரியாத குரல் தமிழ் எழுத்துகளை ஒலிக்காமலே தாண்டிப் போவதும் உண்டு. அந்த `lang="ta"` தமிழ்க் குரலுக்கு மாறச் சொல்கிறது, கருவியில் தமிழ்க் குரல் இருந்தால். இன்னொன்று, மாற்றுரைக்குள் இரட்டை மேற்கோள்குறி போட்டுவிடாதீர்கள். உலாவி அதை மாற்றுரையின் முடிவு என்று எடுத்துக்கொள்ளும். மீதி வாக்கியம் காணாமல் போகும்.

ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எழுதும் வேலை முடிந்த பிறகுதான் இந்தப் பிழை நுழைகிறது. நான் முன்பு உதவிக்கொண்டிருந்த ஒரு குழுவில் நிகழ்ச்சி ஒன்றை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். வடிவமைப்பாளர் சுவரொட்டியில் தேதியை மாற்றிக் கொடுத்தார். இணையப்பக்கத்தில் படத்தை மட்டும் மாற்றி ஏற்றினோம். மாற்றுரை பழையபடியே இருந்தது. கண்ணால் பார்த்த எல்லோருக்கும் புதிய தேதி. காதால் கேட்டவருக்குப் பழைய தேதி. பார்வையற்ற ஒருவர் பழைய தேதியில், பூட்டிய அரங்கின் வாசலுக்கு வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். மாற்றுரை இல்லாமல் இருந்திருந்தால் அவர் யாரையாவது கேட்டிருப்பார். எங்கள் மாற்றுரையை நம்பியதால்தான் வந்தார். அன்றிலிருந்து எந்தக் குழுவோடு வேலை செய்தாலும், சுவரொட்டியின் கோப்போடு அதன் மாற்றுரையையும் ஒரே ஆவணத்தில் வைக்கச் சொல்கிறேன். தேதியை மாற்றுபவர் இரண்டையும் மாற்றாமல் கோப்பைக் கைமாற்றக் கூடாது. ஒரு பதிவில் நான்கு படங்கள் வரிசையாகப் போனால் நான்குக்கும் தனித்தனி மாற்றுரை உண்டு என்பதையும் அந்த ஆவணமே நினைவுபடுத்தும். படத்தை ஒருவர் சேமித்து வேறோர் இடத்தில் பகிர்ந்தால் மாற்றுரை பொதுவாக அதோடு போகாது. மாற்றுரைக்கு இடமே தராத செயலிகளும் இருக்கின்றன. அங்கெல்லாம் ஆவணத்திலிருந்து எடுத்து, படத்தோடு செல்லும் செய்தியாக அனுப்பிவிடலாம்.

இனி ஹேஷ்டேக். அதற்குள் இடைவெளி விட முடியாது என்பதிலிருந்துதான் எல்லாத் தொல்லையும் தொடங்குகிறது. 2013 ஏப்ரலில் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் இறந்தபோது ஒரு ஹேஷ்டேக் பரவியது:

```
#nowthatchersdead
```

‘தாட்சர் இறந்துவிட்டார்’ என்று எழுதியதை, ‘ஷேர் இறந்துவிட்டார்’ என்று பலர் பிரித்துப் படித்து, பாடகி ஷேருக்காக வருந்தத் தொடங்கினார்கள். கண்ணால் படித்தவர்களுக்கே இந்த நிலை. `#NowThatchersDead` என்று எழுதியிருந்தால் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் ஒட்டகத் திமில் போல எழுந்து நிற்பதால் இதைக் கேமல் கேஸ் என்கிறார்கள். முதல் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கினால் நிரலர்கள் பாஸ்கல் கேஸ் என்று வேறு பெயர் சொல்வார்கள். நமக்கு வேண்டியது அந்த வடிவம்தான், பெயரைப் பற்றிச் சண்டை வேண்டாம்.

பெரும்பாலான குரல்கள், சிறிய எழுத்துக்குப் பின் பெரிய எழுத்து வரும் இடத்தைச் சொல் எல்லையாக எடுத்துக்கொள்கின்றன. `#theatreworkshop` என்பதை ஒரே சொல்லாக நினைத்து உச்சரிக்க முயலும் குரல், `#TheatreWorkshop` என்பதை இரு சொற்களாக வாசிக்கும். முழுவதும் பெரிய எழுத்தில் `#THEATREWORKSHOP` என்று எழுதினால் எல்லையே இல்லை. பழைய நிலைக்கே திரும்பிவிடுவோம், சில வேளை எழுத்தெழுத்தாக ஒப்பிக்கவும் செய்யும். சுருக்கப்பெயர் முன்னால் வரும்போதும் இந்த முறை தடுமாறும். அங்கே அடிக்கோடு போட்டு `#TV_Drama` என்று பிரிப்பது நல்லது. எழுத்துக்கூட்டிப் படிப்பதில் சிரமப்படுபவர்களுக்கும் இந்தத் திமில்கள் கைப்பிடி போல உதவுகின்றன.

பெரிய எழுத்தில் எழுதினால் தேடலில் வேறாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஹேஷ்டேக்குகள் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்ப்பதில்லை, இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போகும். பயப்பட வேண்டியது செயலியின் பரிந்துரைக்கு. நீங்கள் # போட்டு நான்கு எழுத்து தட்டியதுமே, முன்பு யாரோ சிறிய எழுத்தில் எழுதியது கீழே வந்து நிற்கும். அதைத் தொட்டுவிட்டால் உங்கள் திமில்கள் எல்லாம் படுத்துவிடும். கடைசி எழுத்து வரை நீங்களே தட்டுங்கள், அல்லது முன்பே சொன்ன ஆவணத்திலிருந்து ஒட்டுங்கள்.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் ஹேஷ்டேக்குகளுக்கு இது இன்னும் அவசியம். `#palakaiorumedai` என்பதை ஆங்கிலக் குரல் என்ன செய்யும் என்று சொல்லவே முடியாது. `#PalaKaiOruMedai` என்றாலும் தமிழாக ஒலிக்காது. ஆனால் நான்கு துண்டுகளாகவாவது கேட்கும். பழகிய காது அதிலிருந்து தமிழைப் பிடித்துவிடும்.

இப்போது உங்கள் உண்மையான கேள்வி. பெரிய எழுத்து இல்லாத தமிழில் என்ன செய்வது? ஒரு நல்ல செய்தி, தமிழை எழுதியபடியே பெரும்பாலும் ஒலிக்கலாம். அதனால் `#நாடகப்பட்டறை` போன்ற தொகைச்சொல்லைத் தமிழ்க் குரல் சரியாகவே வாசித்துவிடும். அது சேர்ந்தே எழுதப்படும் சொல், பிரிக்க வேண்டியதில்லை. சிக்கல் தனித்தனிச் சொற்களை ஒட்டும்போதுதான் வருகிறது. வல்லின எழுத்துகள் சொல்லின் தொடக்கத்தில் ஒரு மாதிரியும், இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் வேறு மாதிரியும் ஒலிக்கும். ‘கை’ என்று தனியே சொல்லும்போது வரும் ககரம் வன்மையானது. ‘பலகை’ என்ற சொல்லின் நடுவில் வரும் ககரம் மெலிந்து ஒலிக்கும். இந்த விதி தமிழ்க் குரல்களுக்கும் கற்பிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் `#பலகைஒருமேடை` என்று எழுதினால், குரல் அங்கே இருப்பதைத்தான் வாசிக்கும்: மரப்பலகை, ஒரு மேடை. ‘பல கை’ காதில் விழவே விழாது. உங்கள் ரசிகருக்கு ஹேஷ்டேக் புரியாமல் போனதில் வியப்பில்லை. கண்ணால் படிப்பவருக்கும் அங்கே பிரித்துப் படிக்க எந்தத் துப்பும் இல்லை. சுவரொட்டியில் சிலேடையாக இருந்தது ஹேஷ்டேக்கில் வெறும் பிழையாகிவிடுகிறது.

தீர்வு அடிக்கோடு. `#பல_கை_ஒரு_மேடை`. இடைவெளியும் சிறுகோடும் ஹேஷ்டேக்கை அங்கேயே முறித்துவிடும், அடிக்கோடு முறிப்பதில்லை. திரைவாசிப்பானின் நிறுத்தக்குறி அமைப்பைப் பொறுத்து அது ஒரு சிறு இடைவெளியாகக் கேட்கலாம், அல்லது ‘அடிக்கோடு’ என்றே ஒலிக்கலாம். இரண்டாவது சற்று இடறும்தான். நான்கு சொற்களுக்கு மூன்று முறை ‘அடிக்கோடு’ என்று கேட்பது இனிமையல்ல. ஆனாலும் சொற்கள் சொற்களாகவே வந்து சேரும், ககரம் வன்மையாக ஒலிக்கும். இடறலைக் குறைக்க வேண்டுமானால் ஹேஷ்டேக்கைச் சுருக்குங்கள். இரண்டு சொல் என்றால் ஒரே அடிக்கோடு.

பெரிய எழுத்தைப் போல அடிக்கோடு தேடலில் கண்டுகொள்ளப்படாமல் போவதில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். அடிக்கோடு உள்ளதும் இல்லாததும் இரண்டு வெவ்வேறு ஹேஷ்டேக்குகள். பாதிப் பேர் ஒன்றையும் மீதிப் பேர் மற்றொன்றையும் எழுதினால் உங்கள் பதிவுகள் இரண்டாகப் பிரிந்துவிடும். அதனால் முதல் பதிவுக்கு முன்பே ஒன்றை முடிவு செய்து, சுவரொட்டியிலும் அதே அடிக்கோடுகளோடு அச்சிடச் சொல்லுங்கள். ஏற்கெனவே அடிக்கோடில்லாமல் பலரிடம் பரவிவிட்ட பழைய ஹேஷ்டேக் இருந்தால், அதை மாற்றப் போராடுவதை விட, அது குறிப்பதை உரையில் ஒருமுறை சாதாரண வாக்கியமாக எழுதிவிடுவது மேல்.

ஹேஷ்டேக்குகளை உரையின் இறுதியில், மூன்றோ நான்கோ வைத்தால் போதும். ஒவ்வொன்றின் முன்னாலும் குரல் ‘ஹேஷ்’ என்றோ ‘எண்’ என்றோ சொல்லிவிட்டுத்தான் நகரும். வாக்கியத்தின் நடுவில் அவை வந்தால் வாக்கியமே துண்டாகும். இருபது ஹேஷ்டேக் கொண்ட பதிவைக் கேட்பவர், இருபது முறை அதைக் கடந்துதான் படத்துக்கு வர வேண்டும்.

வெளியிடுவதற்கு முன் ஒருமுறை நீங்களே கேட்டுப் பாருங்கள். கைப்பேசியின் அணுகல்தன்மை அமைப்பில் டாக்பேக்கோ வாய்ஸ்ஓவரோ இருக்கும். கணினியில் விண்டோஸ் என்றால் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. கைப்பேசியில் இயக்கும் முன் அதை எப்படி நிறுத்துவது என்று படித்துக்கொள்ளுங்கள். இயக்கிய உடனே தொடுதலின் பொருள் மாறிவிடும்: ஒரு தட்டு தேர்ந்தெடுக்கும், இரு தட்டுதான் திறக்கும். பழகாதவர்கள் இங்கே பதறிப் போகிறார்கள். தமிழ்க் குரல் நிறுவப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் மாற்றுரையில்தான் பிழை என்று தவறாக நினைத்துக்கொள்வீர்கள். பிறகு பதிவை உங்களுக்கு மட்டும் தெரியும்படி வெளியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போங்கள்.

இது வசதிப்படாவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. சுவரொட்டியைப் பார்க்காத நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, உரையையும் மாற்றுரையையும் ஒருமுறை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். எத்தனை மணிக்குப் போக வேண்டும், எப்படிப் பதிவு செய்ய வேண்டும், படத்தில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். முதல் இரண்டுக்கு விடை வராவிட்டால் உரையைத் திருத்துங்கள். மூன்றாவதற்கு அவர் பலகையைச் சொல்லாவிட்டால் மாற்றுரையைத் திருத்துங்கள்.